வயல் இங்கே, கட்டுரை அங்கே

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு மாணவர் தஞ்சாவூரில் உள்ள தன் கல்லூரி நூலக ஐடி பிரிவுக்கு எழுதுகிறார்: “ஐயா, நெல் குலைநோய் பற்றிய ஆய்விதழ் கல்லூரி வைஃபையில் திறக்கிறது. வீட்டில் மொபைல் டேட்டாவில் திறந்தால் டாலரில் காசு கேட்கிறது. வயலும் நோயும் இங்கேதான் இருக்கின்றன.”

பாவம், பதிப்பகத்துக்கு மாணவரைத் தெரியாது. கல்லூரியின் ஐபி முகவரியைத்தான் தெரியும். 2025 ஜனவரி 1 முதல் அரசுக் கல்வி நிலையங்களுக்கு ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ வந்துவிட்டது. நாடு ஒன்றுதான், ஐபிதான் வீட்டுக்கு வீடு வேறு.

வெளியிலிருந்து படிக்க, இதழின் தளத்தில் ‘நிறுவனம் வழியாக நுழைக’ என்பதை அழுத்தி, கல்லூரியைத் தேர்ந்து, கல்லூரி தந்த கடவுச்சொல்லை இட வேண்டும். பட்டியலில் கல்லூரியின் பெயரே இல்லையென்றால், இன்ஃப்லிப்நெட்டின் இன்ஃபெட் கூட்டமைப்பில் கல்லூரி இன்னும் சேரவில்லையா என்று கேளுங்கள். அதுவரை தஞ்சாவூர் பஸ் டிக்கெட்தான் சந்தா.