பாயச வாளி

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிறவனுக்குச் சர்க்கரை நோய் என்றால், அதைவிடப் பெரிய ரகசியம் அந்த வீட்டில் இருக்க முடியாது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். ருசி பார்க்காமல் எப்படிப் பெட்டி கட்டுவது? என் நண்பனுக்கு மூன்று மாசச் சராசரி பார்த்ததில் 8 வந்துவிட்டது. ஆறரையைத் தொட்டாலே வியாதிக் கணக்குதான். பொண்டாட்டிக்குத் தெரிந்தால் பட்டறைப் பக்கமே விடமாட்டாள் என்று என்னிடம் மட்டும் சொன்னான். ஆள் பார்த்துப் பேசுவதில் அவன் எப்போதுமே கொஞ்சம் மட்டம்.

அப்புறம் ஒரு கல்யாணப் பந்தி. பாயச வாளி அவன் இலைக்கு வந்தது. நண்பன் முழித்தான். நான் பாய்ந்து கையை நீட்டி, "தம்பி, அண்ணாச்சிக்கு ஊத்தாத, சுகர்" என்றேன். அக்கறைதான். அடுத்த இலையில் அவன் மச்சினன் இருந்ததை அக்கறை கவனிக்கவில்லை. மச்சினன் மோருக்குக்கூட நிற்காமல் போனும் கையுமாக எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக்கு ஒத்திகை பார்த்தேன். "உன் நல்லதுக்குத்தாம்ப்பா சொன்னேன். யார் காதிலயாவது விழுந்திருந்தா வருத்தப்படுறேன்..."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "விழுந்திருந்தாவா? விழுந்துட்டுல்ல! நல்லதுக்குன்னா அவர்தான் வந்து உங்களுக்கு மாலை போடணும்."

சுகர் எனக்குத்தான் என்று மச்சினனிடம் சொல்லிச் சமாளிக்கலாம் என்றேன். தியாகம் என்று நினைத்தேன். "அப்ப ரெண்டு பொய்யை அவர் காப்பாத்தணும். என்ன சொன்னீங்க, யாருக்குக் கேட்டுச்சு, அதை மட்டும் சொல்லுங்க. இனிமே என்ன செய்யணும்னு அவரைக் கேளுங்க. நீங்களா எதையும் செஞ்சுறாதீங்க" என்றாள். கடைசி வாக்கியத்தில் முப்பது வருட அனுபவம் இருந்தது.

பட்டறைக்குப் போன நேரம், வெல்லப்பாகு கொதியில் இருந்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்தான், வளைந்தது. இன்னும் ஆகவில்லை. அடுத்த சொட்டு கண்ணாடி மாதிரி 'டக்' என்று ஒடிய வேண்டும். அதற்குள் திரும்பினால் கருகி, மிட்டாய் கசக்கும். ஆகவே அவன் முதுகிடம் மன்னிப்புக் கேட்டேன். பந்தி, வாளி, மச்சினன், எல்லாம் சொன்னேன். 'ஆனால்' நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன்.

பாகு ஒடிந்தது. வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் உருட்டித் தேய்த்து, சூடு ஆறுமுன் கோடு கிழித்து முடிக்கும்வரை பேச்சில்லை.

"அவ நேத்தே வந்து உக்காந்துட்டா. துண்டை எண்ணி வைக்கா" என்றான் கடைசியில். உள்ளே பார்த்தேன். ஆமாம், கல்லாவில் அவன் பொண்டாட்டி.

"நான் என்ன செய்யணும்?"

வழக்கமாக அவன் வாய்க்குப் போகும் ஓரத்துண்டுகளை வழித்து என் கையில் திணித்தான்.

"இதைத் தின்னு. கொஞ்ச நேரமாச்சும் உன் வாய் ஒட்டிக் கிடக்கும்."