பொய்யனைக் காப்பாற்றும் பதினைந்து நிமிடம்

என் கதாநாயகன் பொய் சொல்லியே ஊரை ஏமாற்றுபவன். வாசகர்கள் ரசிக்கிறார்கள். ஆனால் ஒரு பொய் ஒருவரை நோகடித்ததும் அவனையே வெறுத்துவிடுகிறார்கள். எப்படிக் காப்பாற்றுவது? (ஒரு வாசகி, மதுரை)

அவனை ஏன் காப்பாற்றுகிறீர்கள்? ஏமாந்தவரைப் பேச விடுங்கள்!

மார்க் ட்வைன் 1884-ல் அதைத்தான் செய்தார். ஹக்கிள்பெரி ஃபின் வாய் திறந்தால் பொய், நாமும் சிரிக்கிறோம். பனிமூட்டத்தில் தொலைந்துபோன ஹக், இரவு கழிந்து தெப்பத்துக்குத் திரும்பி, "நான் எங்கும் போகவில்லை, நீ கனவு கண்டாய்" என்று, தன்னுடன் தெப்பத்தில் வரும் ஓடிப்போன அடிமை ஜிம்மிடம் அளக்கிறான். ஜிம் நம்பி, இல்லாத கனவுக்குப் பலன்கூடச் சொல்கிறான். அதுவரை வேடிக்கை. பிறகு, தெப்பத்தில் கிடக்கும் சருகையும் உடைந்த துடுப்பையும் காட்டி, இதற்கு என்ன பலன் என்று ஹக்கே கேட்கிறான். அடி விழுவது அங்கேதான். உன்னைக் காணாமல் உள்ளம் உடைந்து கிடந்தேன், நீயோ என்னை முட்டாளாக்க நினைத்தாய் என்கிறான் ஜிம். எழுத்தாளர் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை.

அடிமையாக இருந்தவனிடம் மன்னிப்புக் கேட்க ஹக்குக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்தத் தயக்கத்தை மறைக்காததால்தான் மன்னிப்பை நம்புகிறோம். உங்கள் ஆள் உடனே அழுதால் அதுவும் ஒரு பொய்யாகவே படும்.

அடுத்த அத்தியாயத்தில் ஹக் மறுபடி பொய் சொல்கிறான். தெப்பத்தில் பெரியம்மை என்று நம்பவைத்து, ஓடிப்போன அடிமைகளைத் தேடி வந்தவர்களை விரட்டுகிறான். திறமை அதே திறமைதான். இந்த முறை பிழைத்தது ஜிம்.