கேப் விடாத பதில்கள்

கே: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், “மேத்ஸ் மிஸ் சூப்பர்மா, நோ கேப்” என்கிறாள். இடைவெளி விடாமல் பாடம் நடத்துகிறார் என்று சொல்கிறாளா?
(கோவையிலிருந்து ஓர் அம்மா)

ப: இல்லை. தமிழில் எழுதினால் இடைவெளியும் கேப், வாடகைக் காரும் கேப், தொப்பியும் கேப். உங்கள் மகள் சொல்வது மூன்றாவது. ‘கேப்’ என்றால் பொய். ‘நோ கேப்’ என்றால் ‘பொய்யில்லை, நிஜமாத்தான் சொல்றேன்’. பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கு டீச்சரை மனசாரப் பாராட்டுகிறாள். அந்த மிஸ்ஸிடம் போய்ச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கே: தொப்பிக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம்?
(திருநெல்வேலி வாசகர்)

ப: நேரடியாக எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு ‘ஒருவரை மிஞ்சுவது’ என்றும் பொருள் உண்டு. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களிடையே வார்த்தைப் போட்டி ஒன்று நெடுங்காலமாக உண்டு. ஒருவன் ஒரு கிண்டல் அடிப்பான். மற்றவன் அதைவிடப் பெரிதாக ஒன்று அடிப்பான். கோபப்பட்டவன் தோற்றான். மொழியியல் அறிஞர் வில்லியம் லபோவ், 1972இல் வந்த தம் நூலில் இந்த விளையாட்டை அலசியிருக்கிறார். நியூயார்க்கில் இதற்கு ஒரு பெயர், சிகாகோவில் வேறொரு பெயர். மேற்குக் கரையில் வழங்கிய பெயர்களில் ஒன்று ‘கேப்பிங்’.

மிஞ்ச வேண்டுமானால் ஊத வேண்டும். ஊதுவது பீற்றலாகி, பீற்றல் பொய்யானது. பிறகு அட்லாண்டா நகரத்து ராப் பாடகர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 2017இல் ஃப்யூச்சர், யங் தக் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டின் பெயரே ‘நோ கேப்’. அங்கிருந்து டிக்டாக், அங்கிருந்து உங்கள் வீட்டுக் கூடம். ‘பொய் சொல்றே’ என்பதற்கு நீலத் தொப்பி எமோஜி அனுப்பும் வழக்கம், இரண்டுக்கும் சொல் ஒன்றே என்பதால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதை ‘ஜென்ஸீ பாஷை’ என்று எழுதுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ‘நோ கேப்’ மட்டுமல்ல, இன்று பிள்ளைகள் வாயில் புழங்கும் அமெரிக்கச் சொற்களில் பல கறுப்பின மக்களின் தெருக்களில் பிறந்தவை. அவர்கள் பேசியபோது அதைக் கொச்சை என்றவர்கள், அடுத்தவர் பேசும்போது ஃபேஷன் என்கிறார்கள். அது நியாயமில்லை.

கே: நம்மிடம் இல்லாத சொல்லா? எதற்குக் கடன் வாங்க வேண்டும்?
(தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ப: பொய்க்கு நம்மிடம் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை, ஐயா. கப்ஸா, ரீல், பீலா, உடான்ஸ் என்று வயதுக்கு ஒன்றாக வைத்திருந்தோம். இன்றைய கல்லூரிப் பையன் ‘உருட்டு’ என்கிறான். ‘கேப்’ அதே வரிசையில் வந்து நிற்கிறது.

‘நோ கேப்’ மட்டும் கொஞ்சம் வேறு. அது குற்றச்சாட்டு இல்லை, ஆணை. தமிழில் அதன் சரியான ஜோடி ‘சத்தியமா’. இந்த இரண்டு சொற்களும் ஒரே வழியில் தேய்ந்திருக்கின்றன. ‘சத்தியமா நான் எடுக்கலை’ என்பதில் சத்தியம் இருக்கிறது. ‘சத்தியமா செம டயர்டு’ என்பதில் சத்தியம் எங்கே? அங்கே ‘ரொம்ப’ என்பதன் வேலையைத்தான் அது பார்க்கிறது. ஆங்கிலத்தில் ‘வெரி’ என்பதும் ‘உண்மையான’ என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்து, தேய்ந்து, ‘மிக’ ஆனதுதான்.

ஒரு பிள்ளை எந்தப் பொருளில் சொல்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ‘பொய் சொல்றியா?’ என்று திருப்பிக் கேட்க முடிகிறதா பாருங்கள். “பத்து பரோட்டா சாப்பிட்டேன், நோ கேப்” என்றால் கேட்கலாம். அங்கே சொல் இன்னும் ஆணையாக உயிரோடிருக்கிறது. “செம பசி, நோ கேப்” என்றால் கேட்பதில் பொருளில்லை, சோறு போடுங்கள். முதலாவதை நம்பாதபோதுதான் நண்பர்கள் நீலத் தொப்பியை அனுப்புவார்கள்.

கே: அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் பச்சைப் பட்டு கட்டிப் போயிருந்தேன். மணப்பெண்ணின் தங்கை என்னைப் பார்த்ததும், “அத்தை, மெயின் கேரக்டர் எனர்ஜி!” என்றாள். மணப்பெண்ணை மிஞ்சி அலட்டிக்கொண்டேனோ என்று மூன்று நாளாக உறுத்துகிறது.
(மதுரை வாசகி)

ப: உறுத்த வேண்டாம். உங்களைப் பாராட்டியிருக்கிறாள். ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு இரண்டு பிறவி.

முதல் பிறவி ட்விட்டரில். 2019 ஜனவரியில் ஒருவர் அங்கே எழுதியதன் சாரம் இது: தினமும் இங்கே யாரோ ஒருவர் மெயின் கேரக்டர் ஆகிறார், அந்த ஒருவர் நாமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை. எதையோ உளறி, ஊரே திரண்டு திட்டும்போது நடுவில் மாட்டிக்கொண்டவர் என்று அங்கே பொருள். யாரும் விரும்பாத நாற்காலி.

இரண்டாம் பிறவி டிக்டாக்கில், 2020 மே மாதம், உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது. ‘உன் வாழ்க்கையை நீயே ரசி, உன் கதைக்கு நீதான் மெயின் கேரக்டர்’ என்று ஒரு பெண்ணின் குரல் பரவியது. அந்தக் குரலுக்குப் பல பேர் தங்கள் காட்சிகளைப் பொருத்தினார்கள்: ஜன்னலோரத்தில் காபி, மழையில் நடை, புத்தகக் கடை. இங்கே அது எல்லோரும் உட்கார விரும்பும் நாற்காலி. அடுத்த மாதமே இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொல் ரீல்ஸ் வழியாக, இரண்டாம் பொருளோடுதான் வந்து சேர்ந்தது. ட்விட்டரில் வளர்ந்த நாற்பது வயதுக்காரர் காதில் அதே சொல் வசவாக விழலாம்.

வால் பார்த்துப் பொருள் சொல்லலாம். ‘எனர்ஜி’ அல்லது ‘மொமன்ட்’ என்று முடிந்தால் பாராட்டு. ‘சிண்ட்ரோம்’ என்று முடிந்தால் திட்டு: எல்லாமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்ற நினைப்பு, மற்றவரெல்லாம் துணை நடிகர் என்ற பார்வை. வால் இல்லாமல் தனியாக வந்தால் யாரைப் பற்றி என்று பாருங்கள். தன்னைப் பற்றிச் சொன்னால் உற்சாகம். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் குறை. ‘ஹீரோ’வை நாம் இப்படித்தானே வைத்திருக்கிறோம்? ‘ஹீரோ மாதிரி இருக்கேடா’ என்பதற்கும் ‘பெரிய ஹீரோன்னு நெனப்பா?’ என்பதற்கும் நடுவில் ஒரு கைகலப்பே நடக்கலாம்.

உங்களுக்கு வந்தது எனர்ஜி. நேரில், முகத்துக்கு நேராக, மணப்பெண்ணின் தங்கை வாயாலேயே. பச்சைப் பட்டை அடுத்த கல்யாணத்துக்கும் கட்டுங்கள்.

கே: எனக்கு 34 வயது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் என்னை ‘பூமர்’ என்கிறார். ஆண்டுக் கணக்கு தெரியாதா?
(சென்னை வாசகர்)

ப: அமெரிக்கக் கணக்குப்படி நீங்கள் தப்பித்தீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே குழந்தைகள் கூட்டமாகப் பிறந்த 1946 முதல் 1964 வரையிலான தலைமுறைதான் ‘பேபி பூமர்’. 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 25 வயது உறுப்பினர் க்ளோயி ஸ்வார்ப்ரிக், பேச்சின் நடுவே குறுக்கிட்டவருக்கு ‘ஓகே பூமர்’ என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். உலகமே அதைப் பார்த்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தபோது சொல் மட்டும் வந்தது, பிறந்த ஆண்டு கூட வரவில்லை. இங்கே பூமர் என்பது வயதல்ல, குணம். கேட்காமலே அறிவுரை சொன்னால், உடையைப் பற்றிக் கருத்துச் சொன்னால், ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பித்தால், 22 வயதிலும் பூமர் பட்டம் கிடைக்கும். கடைசியாக அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கே: ‘தக் லைஃப்’ என்றால் ரவுடி வாழ்க்கைதானே? பாட்டி பேசும் வீடியோவுக்கு ஏன் அந்தத் தலைப்பு?
(திருச்சி வாசகி)

ப: இந்தச் சொல் போன தூரம் வேறெதுவும் போகவில்லை. இந்தியில் ‘டக்’ என்றால் ஏமாற்றுக்காரன். வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்த கூட்டங்களைப் பற்றி 1830களில் ஸ்லீமன் போன்ற கம்பெனி அதிகாரிகள் எழுதியபோது, அது ஆங்கிலத்தில் வேரூன்றியது. அமெரிக்காவில் ரவுடிக்குப் பெயரானது. 1990களில் ராப் கலைஞர் டூபாக் ஷகூர் ‘தக் லைஃப்’ என்று வயிற்றில் பச்சை குத்திக்கொண்டார். ஒதுக்கப்பட்டவன் தலைநிமிர்ந்து நிற்பது என்ற பொருளை அதற்குள் வைத்தார். பிறகு மீம்காரர்கள் வந்தார்கள்: யாராவது சுருக்கென்று பதில் சொன்னதும் காட்சி உறைய வேண்டும், கண்ணில் கறுப்புக் கண்ணாடி இறங்க வேண்டும், ராப் இசை ஒலிக்க வேண்டும்.

தமிழில் தங்கியது அந்தக் கடைசிப் பொருள்தான். ‘தக் லைஃப்’ என்றால் எதிராளி வாயடைத்துப்போகும் பதில். அதில் பாட்டிகளை மிஞ்ச ஆளில்லை. 2025இல் மணிரத்னம், கமல்ஹாசன் படம் அதே பெயரில் வெளிவந்தபோது தாத்தா தாதாவை நினைத்தார், பேரன் மீமை நினைத்தான். படத்தைப் பொறுத்தவரை தாத்தா நினைத்ததே சரி.

கே: மகனுக்கு ‘சரி.’ என்று பதில் போட்டேன். “ஏம்பா கோபம்?” என்று கேட்கிறான்.
(சேலம் வாசகர்)

ப: அந்தப் புள்ளிதான் காரணம். 2015இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வில், முற்றுப்புள்ளியோடு முடிந்த ஒற்றைச் சொல் பதில்களை மாணவர்கள் மனப்பூர்வம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். அதே பதில் கையெழுத்துச் சீட்டில் இருந்தபோது வேறுபாடு தெரியவில்லை. காகிதத்தில் புள்ளி இலக்கணம். செய்தியை அனுப்பினாலே வாக்கியம் முடிந்துவிடுகிற செல்போனில், அதற்கு மேல் வைக்கும் புள்ளி குரலாகிவிடுகிறது. உங்கள் தலைமுறை நட்போடு வைக்கும் ‘சரி...’ இன்னும் மோசம். சொல்லாமல் விட்ட குறை ஒன்று அந்த மூன்று புள்ளிகளில் இருப்பதாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘சரிப்பா’ என்று போடுங்கள்.

கே: வகுப்பில் நானும் ‘நோ கேப்’ சொல்லலாமா?
(ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை)

ப: புரிந்துகொள்ளுங்கள், பயன்படுத்தாதீர்கள். பெரியவர்களுக்குப் புரியாது என்பதும் அந்தச் சொல் பிள்ளைகளுக்குப் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம். நீங்கள் சொன்ன மறுநாள் அவர்கள் புதிதாக ஒன்றைத் தேடிப் போவார்கள், நீங்கள் முதலிலிருந்து படிக்க வேண்டும். விடைத்தாளில் வந்தால் மட்டும் திருத்துங்கள்.

கே: பேத்திக்கு ஒரு ஜோக் அனுப்பினேன். மண்டையோடு படம் பதிலாக வந்தது. பயமாக இருக்கிறது.
(நாகர்கோவிலிலிருந்து ஒரு தாத்தா)

ப: சிரித்தே செத்துவிட்டாளாம். கண்ணீர் விட்டுச் சிரிக்கும் மஞ்சள் முகம் வந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதை அவள் வயதில் பலர் பெரியவர்களுக்கு மரியாதைக்காக அனுப்புகிறார்கள். அடுத்த ஜோக்கை அனுப்புங்கள்.