போகிறவர் எழுதும் குறிப்பு

கேள்வி: 90 நாள் நோட்டீஸில் இருக்கிறேன். எனக்குப் பின் வருகிறவருக்கு 'கேடி டாகுமென்ட்' எழுதச் சொல்கிறார் மேனேஜர். எவ்வளவு எழுதினால் போதும்?
— ஐடி ஊழியர், நாவலூர்

பதில்: புது ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது பழைய ஆபீஸிலிருந்து போன் வராத அளவுக்கு!

ப்ராஜெக்ட்டின் தலபுராணம் வேண்டாம். உங்கள் பெயரில் ஓடுவதை முதலில் எழுதுங்கள். லினக்ஸ் சர்வரில் `crontab -l` என்று தட்டினால், உங்கள் கணக்கில் நேரம் குறித்து ஓடும் வேலைகள் தெரியும். `30 2 * * *` என்று இருந்தால் அது தினமும் அதிகாலை 2.30க்கு ஓடுவது. கடைசி நாள் உங்கள் கணக்கை மூடியதும் அதுவும் படுத்துவிடலாம். இப்போதே பொது சர்வீஸ் அக்கவுன்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, அந்த வேலை நின்றால் என்ன செய்வது? "ரீஸ்டார்ட் செய்யவும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற புண்ணியவான்கள் உண்டு. பில் போடும் வேலை பாதியில் நின்றிருந்தால், மறுபடி ஓட்டும்போது பாதிப் பேருக்கு இரண்டு பில் போகலாம். "இன்றைய தேதியில் பில் ஏறியிருக்கிறதா என்று பார், ஏறியிருந்தால் ஓட்டாதே, இன்னாரைக் கேள்" என்று எழுதுங்கள். பாஸ்வேர்டை எழுதாதீர்கள், அதை யாரிடம் கேட்டு வாங்குவது என்று எழுதுங்கள்.

பிறகு உங்களுக்குப் பின் வருகிறவரையே டெஸ்ட் சர்வரில் குறிப்பைப் பார்த்து ஓட்டச் சொல்லிவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்திலெல்லாம் ஒரு வரி குறைகிறது. இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதிலும் கேக் வெட்டுவதிலும் போய்விடும்.