முதல் பல்புக்குத்தான் ஜாங்கிரி

உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவனிடம் வழக்கமாக என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பிஎச்.டி. சான்றிதழ், நெட் அல்லது செட் தேர்ச்சி, ஸ்கோபஸில் ஏறிய கட்டுரைகள், பழைய கல்லூரியோடு கடிதப் போர் நடத்தி வாங்கிய அனுபவச் சான்றிதழ். இந்த வரிசையில் சில பல்கலைக்கழகங்கள் இப்போது இன்னொன்றையும் சேர்த்திருக்கின்றன. 'டீச்சிங் பிலாசபி ஸ்டேட்மெண்ட்' என்று பெயர். நீங்கள் எப்படிப் பாடம் நடத்துகிறீர்கள், ஏன் அப்படி நடத்துகிறீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும். அமெரிக்காவில் இது வெகுநாளாக இருக்கிற சடங்கு. நம் ஊருக்கு வந்ததும் எங்கள் ஸ்டாஃப் ரூம் அதற்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்துவிட்டது. யாரோ எழுதிய ஒன்று பென் டிரைவில் சுற்ற ஆரம்பித்தது.

அந்த மாதிரி அறிக்கையைப் படித்தேன். முதல் பத்தியில் ஆசிரியர் மாணவர் மனத்தில் தீ மூட்டுகிறார். இரண்டாவது பத்தியில் அதே மனத்தில் விதை ஊன்றுகிறார். மூட்டிய தீ என்ன ஆயிற்று என்று தகவல் இல்லை. மூன்றாவதில் உளியை எடுத்துக்கொண்டு சிற்பியாகிவிடுகிறார். நடுவில் 'மாணவர் மையக் கற்றல்' ஆறு தடவை வருகிறது. பெஞ்சமின் ப்ளூம் 1956-இல் வெளியிட்ட வகைப்பாட்டைப் பிற்பாடு யாரோ பிரமிடாக வரைந்தார்களே, அந்தப் படமும் வண்ணத்தில் இருக்கிறது. நான்காவது பத்தியில், "வணிகவியல்மீது எனக்குள்ள தீராத காதல்" என்று ஒரு வரி. அந்த பென் டிரைவ் அதற்குள் வேதியியல், இயந்திரவியல், தாவரவியல் எல்லாத் துறைக்கும் போய் வந்திருந்தது. எல்லோரும் வணிகவியலைக் காதலித்துக்கொண்டே விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். யார் கண்ணிலும் படாததில் வியப்பில்லை. பாடத்தின் பெயரைத் தவிர, பாடத்தைச் சேர்ந்தது ஒன்றுகூட அந்த இரண்டு பக்கத்தில் இல்லை.

என் கைடு இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆளெடுக்கும் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்தவர். அவருக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"ஏம்ப்பா, தீ மூட்டுறதெல்லாம் இருக்கட்டும். வகுப்புல ஒரு கேள்வி கேட்ட. பசங்க என்ன தப்பாச் சொன்னாங்க? அதுக்கு நீ என்ன பண்ணுன? அப்புறம் புரிஞ்சுதான்னு உனக்கு எப்படித் தெரியும்? இந்த மூணை எழுது. மத்ததை அவங்களே ஊகிச்சுக்குவாங்க" என்றார்.

என்னிடம் அதற்கு டார்ச் பல்பு இருந்தது.

முதலாண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடம். 58 பேர். எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்கள். 4 ஓமும் 6 ஓமும் தொடரில் இருந்தால் மொத்தத் தடை எவ்வளவு என்று கேட்டால், நான் கேள்வியை முடிப்பதற்குள் விடை வந்துவிடும். கிர்ச்சாஃப் விதியைத் தூக்கத்தில் சொல்வார்கள். அவர்களிடம் ஒரு படத்தைக் காட்டினேன். இரண்டு பேட்டரிக் கட்டை, ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. எது அதிகப் பிரகாசமாக எரியும்? கட்டையின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் பல்பா, இரண்டாவதா, இரண்டும் சமமா?

பதில் சொல்லும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. கை தூக்கச் சொன்னால் நம் பிள்ளைகள் முன் பெஞ்சில் இருக்கும் முதல் மார்க் மாணவியின் கையைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்கள். ஆகவே விரலை நெஞ்சோடு ஒட்டிவைத்துக் காட்டச் சொன்னேன். ஒரு விரல் என்றால் முதல் பல்பு, இரண்டு என்றால் இரண்டாவது, மூன்று என்றால் சமம். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மூன்று விரல் காட்டியவர்கள் 19 பேர். முதல் மார்க் மாணவி ஒரு விரல்.

நான் உடனே விடையைச் சொல்லவில்லை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இது. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு மாணவர்களை ஒருவரோடொருவர் வாதாட விட வேண்டும். அதற்குக் கீழே போனால் எடுத்துச் சொல்ல ஆளே இருக்காது. பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதுதான். மேலே போனால் வாதாட எதிராளி இருக்க மாட்டான், அடுத்த பாடத்துக்குப் போகலாம். 58-இல் 19 என்பது 33 சதவீதம். வாயை மூடிக்கொண்டேன். தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இது ப்ளூம் பிரமிடைவிடக் கடினமான காரியம்.

நாலு நிமிடம் சந்தைக்கடை இரைச்சல். இடையில் நடந்து ஒட்டுக்கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனுக்கு அழுத்தமாக விளக்கிக்கொண்டிருந்தான். "கல்யாண வீட்டுல முதல் பந்திக்குத்தான்டா ஜாங்கிரி. ரெண்டாவது பந்தில உக்காந்தா பாதிதான் வரும். கரண்டும் அப்படித்தான், முதல் பல்பு தின்னுட்டு மிச்சத்தை அனுப்பும்."

இந்த ஜாங்கிரிக்காகத்தான் நான் அந்த வகுப்பையே எடுத்தேன் என்று சொல்லலாம். மின்னோட்டம் வழியில் செலவாகிக்கொண்டே போகிறது என்று நினைப்பது உலகம் முழுக்க மாணவர்களிடம் காணப்படும் பிழை. இயற்பியல் கல்வி ஆய்வாளர்கள் அதை நிறையப் பதிவு செய்திருக்கிறார்கள். உண்மையில் பல்புக்குள் நுழையும் மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவும் வெளியே வந்துவிடுகிறது. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை மட்டும். இதை நான் கரும்பலகையில் எழுதினால் அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். ஜாங்கிரி மாத்திரம் உள்ளே பத்திரமாக இருக்கும். பரீட்சையில் ஓம் விதிக்கு முழு மார்க், வீட்டுக்குப் போனதும் முதல் பந்தி. 1997-இல் வந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற அமெரிக்க ஆவணப்படத்தில் எம்.ஐ.டி. பட்டமளிப்பு விழாவில் அங்கியும் தொப்பியுமாக நிற்பவர்களிடம் ஒரு கட்டை, ஒரு பல்பு, ஒரு கம்பி கொடுத்து எரியவைக்கச் சொல்கிறார்கள். பலர் திணறுகிறார்கள். எங்கள் கடைசி பெஞ்சுக்கு நல்ல துணை இருக்கிறது.

வாதத்துக்குப் பிறகு மறுபடி விரல் காட்டச் சொன்னேன். இப்போது 44 பேர் மூன்று விரல். பெருமையாகத்தான் இருந்தது. பல்பை எரியவைத்துக் காட்டினேன்.

முதல் பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது மங்கலாக எரிந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து விசில். என் கையில் இருந்தவை ஒரே பெட்டியில், ஒரே 2.5 வோல்ட் முத்திரையோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை. ஒரே பெட்டி என்பதால் ஒரே மாதிரி என்று அர்த்தம் இல்லை. இழையின் தடையில் சின்ன வித்தியாசம் இருந்தாலே போதும். தொடரில் மின்னோட்டம் பொதுவாக இருப்பதால் தடை அதிகமுள்ள பல்பு கூடுதலாக எரியும். எரிந்து சூடானால் அதன் தடை இன்னும் ஏறும், மின்னழுத்தத்தில் அதன் பங்கும் ஏறும். ஆகவே சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் 'ஒரே மாதிரியான இரண்டு பல்பு' புத்தகக் கடையில்தான் கிடைக்கும்.

"அப்ப யார் சொன்னது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று வகுப்பையே கேட்டேன். பக்கவாட்டில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், "சார், ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க" என்றாள். இடத்தால் பிரகாசம் வருகிறது என்றால், இரண்டாவது இடத்துக்குப் போன பல்பு மங்க வேண்டும். பல்பால் வருகிறது என்றால், அது எங்கே போனாலும் பளிச்சென்றே இருக்கும். மாற்றிப் போட்டேன். பளிச்சென்று எரிந்த பல்பு இரண்டாவது இடத்திலும் பளிச்சென்றே எரிந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவன் மங்கிப்போனான். கட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம், அப்போதும் மாறவில்லை. (இதை எல்.ஈ.டி. பல்பில் செய்யக் கூடாது. அதற்குத் திசை உண்டு, திருப்பினால் அணைந்துவிடும், புதிதாக ஒரு தவறான கொள்கை பிறக்கும்.) கடைசியாக அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னாலும், நடுவிலும், இரண்டாவதற்குப் பின்னாலும் வைத்தோம். மூன்று இடத்திலும் ஒரே அளவு. விசில் அடித்தவன்தான் முள்ளைப் படித்துச் சொன்னான், கொஞ்சம் வருத்தத்தோடு.

இந்த வகுப்பைத்தான் அறிக்கையில் எழுதினேன், ஜாங்கிரி உட்பட. மாணவர் பெயர் எதுவும் போடவில்லை. எண்களைப் போட்டேன். மூன்று வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் வேறு வடிவத்தில் கேட்டதையும் எழுதினேன். மூன்று பல்பு தொடரில், நடுவில் இருப்பதன் மின்னோட்டம் மற்றவற்றைவிடக் கூடுமா, குறையுமா, காரணம் என்ன என்பது கேள்வி. காரணத்தோடு சரியாக எழுதியவர்கள் 37 பேர். 44-ஐவிடக் குறைவுதான். அதை மறைத்தால் மறுபடி தீ மூட்டும் அறிக்கை ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவனின் வாய்ச்சாலத்துக்கு மயங்கி இரண்டாவது வாக்கில் கட்சி மாறியவர்கள் சிலர் இருப்பார்கள் என்பதுதான் என் கணிப்பு. அதனால் இப்போதெல்லாம் இரண்டாவது வாக்குக்குப் பிறகு, ஏன் மாற்றிக்கொண்டாய் என்று ஒரே ஒரு வரி துண்டுச்சீட்டில் எழுதி வாங்குகிறேன். 'அவள் சொன்னாள்' என்று நேர்மையாக எழுதிய சீட்டுகளும் அதில் உண்டு.

இரண்டாவது எடுத்துக்காட்டாகச் செய்முறை வகுப்பு. தனி ஊசலை ஆட்டி g கண்டுபிடிக்கச் சொன்னால் நம் மாணவர்கள் 9.8-ஐ முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் எத்தனை விநாடியில் ஆடியிருக்கும் என்று கண்டுபிடிப்பார்கள். ஊசலையே தொடாத இந்தத் திறமையை மெச்சத்தான் வேண்டும். நான் எல்லோருடைய விடையையும் கரும்பலகையில் புள்ளிகளாக வைக்கச் சொல்கிறேன். விடைக்கு மார்க் இல்லை, புள்ளிகள் ஏன் சிதறியிருக்கின்றன என்று எழுதினால்தான் மார்க். இது வந்தபிறகு 9.8 எழுதுகிறவனை மற்றவர்களே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சரியாக நிரம்பியது. விண்ணப்பத்தை ஏற்றப் போனால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அறிக்கைக்கு ஒரு பெட்டி. 1500 எழுத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்றது. இடைவெளியும் கணக்கில் சேரும். விளம்பரத்தில் சொன்ன இரண்டு பக்கம் என்ன ஆயிற்று என்று போன் போட்டால், "சார், அது கமிட்டி சொன்னது. இது சாஃப்ட்வேர் சொல்றது" என்றார் அங்கிருந்த பையன். உட்கார்ந்து வெட்டினேன். முன்னுரை போயிற்று, மசூர் போனார், எம்.ஐ.டி. போயிற்று, ஊசல் போயிற்று. 19-ம் 44-ம் 37-ம் நின்றன. இடம் மாற்றிப் போடச் சொன்ன பெண் நின்றாள். ஜாங்கிரியை எடுத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அதற்குப் பதிலாக என் ஆராய்ச்சி ஆர்வங்களை எடுத்துவிட்டேன்.