பக்கத்து வரிசை விதி: காங்கேசன்துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

பக்கத்து வரிசை விதியின் முதற்கூறு: ஒருவர் எந்த வரிசையில் சேர்கிறாரோ, அதுவே மிக மெதுவாக நகரும். இதை அவதானிக்கக் காங்கேசன்துறைத் துறைமுகம் தோதான இடம். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கடலில் நாலு மணித்தியாலம் பேசாமல் இருந்த சனம், கரையில் கால்மணி பொறுக்காது.

குடிவரவு மேசைகள் மூன்று, ஒவ்வொன்றின் முன்னும் ஆறு பேர் என்று கொள்வோம். ஆளுக்கு இரண்டு நிமிடம். ஆக, ஏழாவதாக நிற்பவர் 12 நிமிடம் காத்திருப்பார். ஆனால் ஒரு வரிசையில் மட்டும் படிவத்தை நிரப்பாத ஒருவர் நிற்கிறார். பேனை தேடி, தங்கும் விலாசத்தை மச்சானிடம் போனில் கேட்டு எழுத அவருக்கு 15 நிமிடம் போகும். அந்த வரிசைக்கு 25 நிமிடம்.

ஒரு பயணி மூன்று முறை வந்து, முறைக்கொரு வரிசையில் நின்றால், மூன்றில் ஒரு முறைதான் அகப்படுவார். எண்ணிக்கைப்படி விதி பொய். ஆனால் அவர் நின்ற மொத்தம் 49 நிமிடத்தில் 25, அதாவது பாதிக்கு மேல், அந்த ஒரு வரிசையில் போனது. மனிதர் முறைகளை எண்ணுவதில்லை, கால் உளைந்த நேரத்தைத்தான் எண்ணுகிறார். அந்தக் கணக்கில் விதி மெய்.

தலைகளை எண்ணி வரிசை தெரிவு செய்வோர் பெரும்பாலும் ஏமாறுவர். பார்க்க வேண்டியது கைகளை: கடவுச்சீட்டை விரித்துப் பிடித்திருப்பவர் சுணக்கமாட்டார், பையைக் கிண்டுபவருக்குப் பின்னால் நிற்கலாகாது.

இரண்டாங்கூறு: வரிசை மாறியதும் பழைய வரிசை ஓடத் தொடங்கும். ஒருவர் மாறுவது பொறுமை முற்றாகத் தீர்ந்த பிறகே. அதற்குள் பேனைக்காரரின் 15 நிமிடத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். விலையைக் கொடுத்து முடிக்கிற நேரத்தில் மாறியவர், புதிய வரிசையின் வாலிலிருந்து மறுபடி கொடுக்கத் தொடங்குகிறார்.

பரிகாரம், எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முன்னால் நிற்பவரை வெறுமையாகும் மேசைக்கு அனுப்புவது. பேனைக்காரர் ஒரு மேசையை அடைத்தாலும் மற்ற இரண்டும் ஓடும். அவருடைய தாமதம் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். பொறாமைப்படப் பக்கத்தில் வரிசை இராது.

ஆயினும் இப்பரிகாரம் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள் என்ற எடுகோளில் தங்கியுள்ளது. 2022இல் நாடு முழுதும் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மண்ணெண்ணெய்க் கான்களும் எரிவாயுச் சிலிண்டர்களும் ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. ஒரே வரிசைதான், ஆனால் பெற்றோல் செட் திறந்ததும் ஒரு கானுக்குப் பின்னால் மூன்று உரித்தாளர்கள் தோன்றினால், முன்னர் சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.