கேட்கப்படாத முகப்புக் கடிதம்

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் (ஐபிபிஎஸ்), மும்பை.

பொருள்: எழுத்தர் பணிக்கு விண்ணப்பம்.

ஐயா,

தமிழ்நாட்டுக் கிளைகளில் எழுத்தராகச் சேர, தமிழைப் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது தங்கள் அறிவிக்கை. தெரியும் என்பதற்குச் சான்றாக இக்கடிதத்தை இணைக்கப் பார்த்தால், தங்கள் இணையப் படிவத்தில் இதற்கு இடமில்லை. கைப்பட எழுதக் கேட்பது ஒரே ஒரு உறுதிமொழிதான். அதையும் தாங்கள் தந்த வாசகம் மாறாமல், ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும். வேறு மொழியில் எழுதினால் விண்ணப்பமே செல்லாது. ஆக, தமிழ் தெரிந்தவரைத் தேடும் படிவம், அவர் தமிழில் எழுதிய மறுகணமே அவரைத் தள்ளிவிடுகிறது. ஆள் மாறாட்டத்தைப் பிடிக்கக் கையெழுத்து மாதிரி வேண்டுமே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் சுழிப்பு தமிழ் எழுத்துக்கும் உண்டு.

2021 முதல் தேர்வையே தமிழில் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதுவதில்லை ஐயா, சொடுக்குகிறோம். முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வைப்பதில் தேறிவிடலாம். கிளையிலோ யாரும் வட்டமாக உட்காருவதில்லை; வரிசையில் நிற்கிறார்கள், அதிலும் முறையாக நிற்பதில்லை.

அந்த வரிசையில், இறந்துபோன கணவரின் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தைக் கேட்டு ஒரு பெண் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நியமனதாரராகப் பதிவாகியிருந்தால் கோரிக்கைப் படிவத்தோடு இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் போதும். வாரிசுரிமைச் சான்றிதழ் போன்ற சட்ட ஆவணங்களைக் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். இதை நான்கு எளிய வரியில் எழுதிக் கொடுக்கத் தெரிந்த எழுத்தர் இருந்தால் வேலை அன்றே நகரும். தெரியாதவர் 'நாமினி க்ளெய்ம் ஃபார்ம் ஃபில் பண்ணுங்க' என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்தப் பெண் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போவார். இருவரில் யார் நல்ல எழுத்தர் என்பதைத் தங்கள் தேர்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

தமிழில் கடிதம் எழுதச் சொல்லிப் பிரிக்கலாமே என்றால், லட்சக்கணக்கானோரின் கடிதங்களை யார் படிப்பது என்ற மறுப்பு வரும்; அது வலுவானது. எல்லோருடையதையும் படிக்க வேண்டாம். வேலையில் சேரும் முன் வட்டார மொழித் தேர்வு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதுவரை வந்துசேர்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் மேற்சொன்ன பெண்ணுக்கு அரைப் பக்கப் பதில் எழுதச் சொல்லுங்கள். திருத்தப் பேராசிரியர்கள் வேண்டாம், சந்திப்பிழைக்காக ஆளைத் தள்ளிவிடுவார்கள். கவுன்ட்டரில் காலம் தள்ளி ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரை உட்கார வையுங்கள். படித்துவிட்டு அவர் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருந்தால், அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
இளங்கலைப் பட்டதாரி